ஓ.டி.யில் வாங்கிய மெஷின்

எங்களுக்கு ஓவர் டிராஃப்ட், அதாவது ஓ.டி., அனுமதியான அன்று மாலை வங்கிச் செயலியைத் திறந்து பார்த்தேன். `Available Balance` என்ற வரிக்கு நேரே 10,00,000 என்று இருந்தது. முந்தின நாள் வரை அந்த இடத்தில் நாற்பதாயிரமோ ஐம்பதாயிரமோதான் இருக்கும். அது என் பணம் இல்லை, வங்கி தரத் தயாராக இருக்கும் கடனின் அளவு என்பது புத்திக்குத் தெரியும். ஆனால் கண்ணுக்கு அது தெரியவில்லை. அந்த ஒரு வரி அடுத்த ஒரு வருடத்தில் எனக்கு எவ்வளவு செலவு வைத்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்களுடையது அட்டைப்பெட்டி செய்யும் சின்னப் பட்டறை. காகித ரீல் வாங்க வேண்டும், ஒட்ட வேண்டும், வெட்ட வேண்டும், பெட்டியாக்கி அனுப்ப வேண்டும். காகிதத்துக்குப் பணம் பெரும்பாலும் உடனே கேட்பார்கள். பெட்டி வாங்குகிறவர்கள் 45 நாள் கழித்துத் தருவார்கள், சில பேர் 60 நாள். இந்த இடைவெளியை அடைக்கத்தான் ஓ.டி. வாங்கினோம். சொத்தை அடமானமாக வைத்து 10 லட்சம் லிமிட், வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம். வங்கியில் அதிகாரி சொன்ன ஒரு வாக்கியம் மனதில் ஒட்டிக்கொண்டது: “எடுத்த பணத்துக்கு, எடுத்த நாளுக்கு மட்டும்தான் சார் வட்டி.”

அது பொய்யில்லை. முதல் ஐந்து மாதம் அப்படித்தான் நடந்தது. ஒரு மாதத்தின் கணக்கை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்தால்தான் பின்னால் நான் செய்த தப்பு புரியும்.

அந்த மாதம் தொடங்கும்போது ஓ.டி. கணக்கில் நாங்கள் தர வேண்டியது 2 லட்சம். 4ஆம் தேதி வரை அப்படியே இருந்தது. 5ஆம் தேதி காகிதத்துக்கு 4 லட்சம் கொடுத்தோம், பாக்கி 6 லட்சமானது. 15ஆம் தேதி ஒரு வாடிக்கையாளரிடமிருந்து மூன்றரை லட்சம் வந்தது, பாக்கி இரண்டரை லட்சமாக இறங்கியது. 22ஆம் தேதி கூலியும் சில்லறைச் செலவுமாக ஒரு லட்சம் போனது, பாக்கி மூன்றரை லட்சம். 28ஆம் தேதி இன்னொரு மூன்றரை லட்சம் வந்தது. பாக்கி பூஜ்யம். மாதம் 30 நாள்.

வங்கி இதை எப்படிப் பார்க்கிறது என்றால், ஒவ்வொரு நாளும் கணக்கு முடியும்போது எவ்வளவு பாக்கி நிற்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. அந்தத் தொகைகளை எல்லாம் நாள்வாரியாகக் கூட்டுகிறது. 2 லட்சம் 4 நாள் நின்றது, அது 8 லட்சம். 6 லட்சம் 10 நாள், 60 லட்சம். இரண்டரை லட்சம் 7 நாள், பதினேழரை லட்சம். மூன்றரை லட்சம் 6 நாள், 21 லட்சம். கடைசி 3 நாள் ஒன்றுமில்லை. மொத்தம் 1,06,50,000. இதை 12 சதவீதத்தால் பெருக்கி 365ஆல் வகுத்தால் 3,501 வருகிறது. அந்த மாத வட்டி அவ்வளவுதான்.

```
2,00,000 × 4 + 6,00,000 × 10 + 2,50,000 × 7 + 3,50,000 × 6 = 1,06,50,000
1,06,50,000 × 0.12 ÷ 365 = 3,501
```

இதே 10 லட்சத்தை அதே 12 சதவீதத்தில் மொத்தமாகத் தவணைக் கடனாக வாங்கிக் கணக்கில் போட்டு வைத்திருந்தால், பணம் பயன்பட்டதோ இல்லையோ, முதல் மாத வட்டி மட்டும் 9,863. வித்தியாசம் ஆறாயிரத்துக்கு மேல். இவ்வளவு நல்ல ஏற்பாடு உலகத்திலேயே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் கணக்குகளைப் பார்க்கும் அம்மா ஒரு சுருக்குவழி சொல்லிக்கொடுத்தார். 12 சதவீத வட்டி என்றால் ஒரு லட்சத்துக்கு ஒரு நாளைக்கு 33. சரியாகச் சொன்னால் 32.88, ஆனால் 33 என்று வைத்துக்கொண்டால் மனக்கணக்குக்கு வசதி. உங்கள் வட்டி வேறாக இருந்தால் ஒரு லட்சத்தின் ஒரு வருட வட்டியை 365ஆல் வகுத்து உங்கள் எண்ணைக் கண்டுபிடித்துக்கொள்ளலாம். (360 நாள் கணக்கு வைக்கிற இடங்களும் உண்டு. ஒப்பந்தத்தில் போட்டிருப்பார்கள்.)

இந்த 33 வந்த பிறகு நான் பல விஷயங்களை வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். மூன்றரை லட்சத்துக்கு வந்த காசோலை ஒன்றை வெள்ளிக்கிழமை மேஜை டிராயரில் போட்டுவிட்டுத் திங்கட்கிழமை வங்கியில் கட்டினேன். மூன்றரை பெருக்கல் 33 பெருக்கல் 3 நாள், கிட்டத்தட்ட 350. டிராயருக்கு வாடகை கொடுத்த மாதிரி. அதைவிடப் பெரிய அசட்டுத்தனம் ஒன்றும் செய்துகொண்டிருந்தேன். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று வேறொரு கணக்கில் ஒன்றரை லட்சம் தனியாக வைத்திருந்தேன். இங்கே ஓ.டி.யில் பாக்கி நிற்கிறது, அங்கே ஒன்றரை லட்சம் சும்மா தூங்குகிறது. மாதம் 1,480 நஷ்டம். ஓ.டி. கணக்கில் கட்டினாலும் அந்தப் பணம் எங்கேயும் போகாது. தேவைப்படும் அன்று திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கட்டிய நாளிலிருந்து வட்டி குறையும், அவ்வளவுதான். பழக்கதோஷத்தில் “சேமிப்பு” என்று நினைத்துக்கொண்டு கைப்பணத்தைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

காகித வியாபாரி ஒரு தடவை, 45 நாள் கடனுக்குப் பதில் உடனே பணம் தந்தால் 2 சதவீதம் தள்ளுபடி என்றார். 4 லட்சத்துக்கு 2 சதவீதம் 8,000. ஓ.டி.யில் எடுத்துக் கொடுத்தால் 4 பெருக்கல் 33 பெருக்கல் 45, அதாவது 5,940. உடனே சம்மதித்தேன். ஓ.டி. என்பது இந்த மாதிரி வேலைக்கென்றே பிறந்தது. பணம் போகிறது, காகிதம் பெட்டியாகிறது, பெட்டி பணமாகிறது, பணம் திரும்பி வந்து கணக்கில் விழுகிறது. கணக்கு மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்கும்.

ஒரு விஷயம் மட்டும் இடையில் சொல்லிவிடுகிறேன். நாள் முடிவில் நிற்கும் பாக்கிதான் கணக்கு என்பதால், காலையில் கட்டி மாலையில் எடுத்தால் வட்டியில் ஒரு பைசா குறையாது. மாதக் கடைசி நாள் மட்டும் எங்கேயாவது புரட்டிக் கட்டிக் கணக்கை அழகாகக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒரு நாள் வட்டி குறையும், அவ்வளவே. காசோலையைக் கட்டிய நாளும் அது உண்மையில் கணக்கில் சேரும் நாளும் வேறாக இருக்கலாம் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி மெஷின் கதை.

பெட்டியை வடிவத்துக்கு வெட்டும் வேலையை அதுவரை வெளியே கொடுத்துச் செய்துகொண்டிருந்தோம். அதற்கான கூலியே மாதம் கணிசமாகப் போனது. ஆறாவது மாதம் ஒரு டை கட்டிங் மெஷின் 5 லட்சத்துக்கு வந்தது. நல்ல மெஷின், நல்ல விலை, வேறு ஒருவரும் பார்த்துக்கொண்டிருந்தார். வங்கியில் தவணைக் கடன் கேட்டால் கொட்டேஷன் கேட்பார்கள், நம் பங்காக நான்கில் ஒரு பாகம் போடச் சொல்வார்கள், மதிப்பீட்டுக்கு ஆள் வருவார், மூன்று வாரமாவது ஆகும். ஓ.டி.யில் ஒரு காசோலை கிழித்தால் ஐந்து நிமிடம்.

அதோடு நான் ஒரு கணக்கும் போட்டேன். அதுதான் என்னைக் கவிழ்த்தது. 5 லட்சத்தைத் தவணைக் கடனாக 12 சதவீதத்தில் மூன்று வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை 16,607. ஓ.டி.யில் எடுத்தால் மாத வட்டி ஏறத்தாழ 5,000. “பதினாறாயிரம் கட்டுவதா, ஐயாயிரம் கட்டுவதா?” என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டு பெருமையாகக் காசோலை எழுதினேன்.

அந்த 16,607இல் முதல் மாதமே 11,607 அசலில் கழிகிறது, வட்டி 5,000தான். ஓ.டி.யில் கட்டும் 5,000இல் அசலுக்கு ஒரு காசும் போவதில்லை. மூன்று வருடம் கழித்துப் பார்த்தால் தவணைக் கடனில் மொத்த வட்டி 98,000க்குள் முடிந்து கடனும் தீர்ந்திருக்கும். ஓ.டி.யில் 1,80,000 வட்டி கட்டிவிட்டு 5 லட்சம் அப்படியே நிற்கும். இரண்டும் ஒரே 12 சதவீதம்தான். சிறிய எண்ணைப் பார்த்தேன், எதைக் கட்டுகிறேன் என்று பார்க்கவில்லை.

“எடுத்த பணத்துக்கு மட்டும் வட்டி” என்ற வாக்கியம் இங்கேதான் தலைகீழானது. எடுத்த பணம் திரும்பி வந்தால்தானே அந்தச் சலுகை? காகிதத்துக்குப் போன 4 லட்சம் இரண்டு மாதத்தில் திரும்பி வந்துவிடும். மெஷினுக்குப் போன 5 லட்சம் திரும்பி வர மூன்று வருடம் ஆகும். அதுவரை 365 நாளும் “எடுத்த பணம்”தான், 365 நாளும் வட்டிதான்.

வட்டியைவிடப் பெரிய அடி வேறு பக்கத்திலிருந்து வந்தது. முன்பு எங்கள் கணக்கு பூஜ்யத்துக்கும் 6 லட்சத்துக்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மெஷின் வாங்கிய பிறகு அதே ஏற்ற இறக்கம் 5 லட்சத்திலிருந்து தொடங்கியது. உச்சம் 11 லட்சத்துக்குப் போக வேண்டும். லிமிட்டோ 10 லட்சம்தான். ஆக, காகிதம் வாங்கும்போது 4 லட்சத்துக்குப் பதிலாக 3 லட்சத்துக்கு வாங்கினேன். முழு லோடு எடுக்காததால் விலை கூடியது. உடனே பணம் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்த அந்த 2 சதவீதத் தள்ளுபடியும் போனது. கூலி நாள் வந்தால் வாடிக்கையாளர்களுக்குப் போன் போட்டுக் கெஞ்ச வேண்டியிருந்தது. ஆர்டர் இருந்தது, மெஷின் இருந்தது, காகிதம் வாங்கப் பணம் இல்லை.

மெஷின் வந்த நான்காவது மாதம் அது நடந்தது. மாதக் கடைசியில் பாக்கி 9,85,000 நின்றது. கையில் 15,000 இருக்கிறது என்று நினைத்து பசை வியாபாரிக்கு 12,000க்குக் காசோலை கொடுத்திருந்தேன். அன்று இரவு வங்கி அந்த மாத வட்டி 9,350ஐக் கணக்கில் ஏற்றியது. பாக்கி 9,94,350. மறுநாள் காலை காசோலை வந்தபோது மிச்சம் இருந்தது 5,650. திரும்பிவிட்டது. திருப்பியதற்கு வங்கி ஒரு கட்டணம் பிடித்தது, அதுவும் அதே கணக்கில். பசை வியாபாரி நல்ல மனிதர், சத்தம் போடவில்லை. ஆனால் அதன் பிறகு ஆறு மாதம் எங்களிடம் காசோலை வாங்கவில்லை.

ஓ.டி.யில் வட்டி நீங்கள் தனியாகக் கட்டும் விஷயம் இல்லை. வங்கியே அதைக் கணக்கில் பற்று எழுதிவிடும். அடுத்த நாளிலிருந்து அந்த வட்டிக்கும் வட்டி. லிமிட்டை ஒட்டி ஓடுகிறவர்களுக்கு வட்டி ஏறும் நாளே லிமிட்டைத் தாண்டும் நாளாகிவிடும், தாண்டியதற்குத் தண்டக் கட்டணம் வேறு. என் காலண்டரில் இப்போது மாதக் கடைசித் தேதியைச் சுற்றி ஒரு வட்டம் இருக்கும்.

ஓ.டி. ஒரு வருடத்துக்குத்தான். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அதற்கு ஒரு கட்டணம் உண்டு. சில வங்கிகளில் பயன்படுத்தாத பகுதி அதிகமாக இருந்தால் அதற்கும் ஒரு சிறு கட்டணம் போடுவார்கள், அதனால் “எடுத்ததற்கு மட்டும்” என்பதற்குள் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. சட்டப்படி பார்த்தால், வங்கி கேட்கும்போது திருப்பித் தர வேண்டிய கடன் அது. அந்தப் பணத்தில் மூன்று வருட வேலை பார்க்கும் மெஷினை வாங்கிவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தேன்.

புதுப்பிக்கப் போனபோது அதிகாரி மாறியிருந்தார். புதிதாக வந்தவர் எங்கள் கணக்கின் பன்னிரண்டு மாத ஸ்டேட்மெண்டை அச்செடுத்து மேஜையில் வைத்திருந்தார். ஒவ்வொரு மாதத்திலும் ஒரே ஒரு எண்ணைப் பேனாவால் வட்டமிட்டிருந்தார். உச்சத்தைத்தான் குறித்திருப்பார் என்று நினைத்தேன். அவர் குறித்தது ஒவ்வொரு மாதத்தின் மிகக் குறைந்த பாக்கியை.

“சார், முதல் ஐந்து மாசம் பாருங்க. பூஜ்யம், நாற்பதாயிரம், பூஜ்யம், எண்பதாயிரம், பூஜ்யம். அப்புறம் பாருங்க. ஐந்து லட்சம், ஐந்து லட்சத்துப் பத்தாயிரம், இப்ப ஐந்து இருபது. இது ஓ.டி. இல்லை சார். இதுக்குக் கீழே உங்க கணக்கு இறங்கறதே இல்லை.”

“மேடம், மெஷின் வாங்கினோம்.”

“தெரியுது. மெஷினால வெளிக்கூலி எவ்வளவு மிச்சம்?”

“மாதம் இருபத்திரண்டாயிரம்.”

“வட்டி போக?”

“பதினேழாயிரம்.”

“ஏழு மாசம் ஆச்சு. அந்த ஒரு லட்சத்துச் சொச்சம் எங்கே சார்?”

என்னிடம் பதில் இல்லை. 17,000 பெருக்கல் 7 என்றால் 1,19,000. அந்தக் குறைந்தபட்ச பாக்கி 3,80,000 பக்கம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை, 20,000 ஏறியிருந்தது. வீட்டுக்கு வந்து ஸ்டேட்மெண்டை வரிவரியாகப் பார்த்தேன். திருடு போகவில்லை. ஒரு வாடிக்கையாளருக்கு 45 நாளை 60 நாளாக்கிக் கொடுத்திருந்தேன். பழைய வண்டி ஒன்று வாங்கியிருந்தேன். வீட்டுச் செலவுக்கு மாதம் எடுக்கும் தொகை மெஷின் வந்த சந்தோஷத்தில் கொஞ்சம் கூடியிருந்தது. மெஷின் மிச்சப்படுத்திய பணம் கணக்குக்கு வந்தது, `Available Balance` ஆக மாறியது, கையில் இருக்கிறதே என்று கரைந்தது. தவணை என்று ஒன்று இருந்திருந்தால் மாதம் 16,607ஐ அது முதலில் எடுத்துக்கொண்டு போயிருக்கும். அப்போது கஷ்டமாகத்தான் இருந்திருக்கும்.

எனக்கு ஒரு நப்பாசை இருந்தது, மெஷின் பில்லைக் காட்டி இப்போது தவணைக் கடன் வாங்கி ஓ.டி.யில் கட்டிவிடலாம் என்று. வாங்கி ஏழு மாதம் ஆகிவிட்டதால் அதைப் புது மெஷின் கடனாகக் கொடுக்க முடியாது என்றார்கள். வாங்கிய உடனே, ஓரிரு மாதத்துக்குள் பில்லோடு போயிருந்தால் பார்த்திருப்பார்களாம். அதற்குப் பதிலாக ஓ.டி.யில் உறைந்துபோன பகுதியைத் தனியே பிரித்துத் தவணைக் கடனாக மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். 5 லட்சம் தவணைக் கடன், 36 மாதம், அதே 12 சதவீதம், அதே 16,607. ஆனால் மொத்தக் கடன் 10 லட்சத்தைத் தாண்டக் கூடாது என்பதால் ஓ.டி. லிமிட் 5 லட்சமாகக் குறைந்தது. முதலிலேயே தனியாக மெஷின் கடன் வாங்கியிருந்தால் ஓ.டி. 10 லட்சம் முழுதாக நின்றிருக்கும். அவசரத்துக்குக் கொடுத்த உண்மையான விலை இதுதான்.

இந்த இடத்தில் ஒரு சின்ன விலகல். வங்கி இழுத்தடித்த நாட்களில் வெளியே ஒரு கடன் நிறுவனத்தில் “7 சதவீதம்தான் சார், 12 எதுக்குக் கட்டறீங்க” என்றார்கள். தவணை எவ்வளவு என்று கேட்டேன். 16,806. வங்கியின் 12 சதவீதத்தில் 16,607, இவர்களின் 7 சதவீதத்தில் 16,806! அது ஃபிளாட் வட்டி. மூன்று வருடமும் முழு 5 லட்சத்துக்கே வட்டி போடுகிறார்கள், நீங்கள் அசலைக் கட்டிக் குறைத்துக்கொண்டே வந்தாலும். வருடம் 35,000, மூன்று வருடத்துக்கு 1,05,000. குறையும் பாக்கிக்கு வட்டி போடும் முறையில் சொன்னால் அது ஏறத்தாழ 12.8 சதவீதம். தவணைக் கடன் விசாரிக்கும்போது வட்டி விகிதத்தைக் கேட்பதைவிட, மாதத் தவணை எவ்வளவு, எத்தனை மாதம் என்று கேட்டுப் பெருக்கிப் பார்ப்பது மேல். முன்கூட்டி அடைத்தால் கட்டணம் உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும்.

என் மச்சான் இதற்கு நேர் எதிரான தப்பைச் செய்தவர். சீசன் சரக்கு வாங்க 10 லட்சம் தவணைக் கடன் வாங்கினார். நான்கு மாதத்தில் சரக்கு விற்றுப் பணம் திரும்பி வந்துவிட்டது. ஆனால் கடன் ஓடிக்கொண்டே இருந்தது; கையில் பணம், தலையில் வட்டி. சரி என்று ஒரு பெரிய தொகையை முன்கூட்டியே அடைத்தார். அடுத்த சீசன் வந்தது. அடைத்த தவணைக் கடனைத் திரும்ப எடுக்க முடியாது. மறுபடி விண்ணப்பம், மறுபடி கட்டணம், மறுபடி மூன்று வாரம். அவருக்கு வேண்டியிருந்தது ஓ.டி., எனக்கு வேண்டியிருந்தது தவணைக் கடன். இருவரும் அவரவர் கடனை மாற்றிக்கொண்டிருக்கலாம்.

இப்போது யாராவது கேட்டால் நான் வட்டி விகிதத்தைப் பற்றி முதலில் பேசுவதில்லை. இந்தப் பணம் எப்போது பணமாகத் திரும்பி வரும் என்றுதான் கேட்பேன். சில மாதத்தில் வரும் என்றால் ஓ.டி.; கட்டவும் எடுக்கவுமாக இருக்கலாம், நாள் குறையக் குறைய வட்டியும் குறையும். வருடக் கணக்கில் ஆகும் என்றால் தவணைக் கடன், அந்தப் பொருள் சம்பாதிப்பதற்குள் அடங்குகிற தவணையாக. என் மெஷின் மாதம் 22,000 மிச்சப்படுத்துகிறது, தவணை 16,607. இந்தக் கணக்கை வாங்குவதற்கு முன்னாலேயே போட்டிருக்கலாம்.

5 லட்ச லிமிட்டில் வண்டி ஓட்டுவதற்குச் சில மாதம் திண்டாடினேன். ஒரு பெரிய வாடிக்கையாளரிடம், 15 நாள் முன்னால் பணம் தந்தால் 1 சதவீதம் தள்ளுபடி தருகிறேன் என்றேன். மூன்றரை லட்சத்துக்கு 3,500 போனது. அந்த 15 நாளுக்கு ஓ.டி. வட்டி மிச்சம் 1,730தான். வட்டிக் கணக்கில் அது நஷ்டம். லிமிட் போதாமல் செய்தேன், தெரிந்தே செய்தேன், மூன்று மாதத்தில் நிறுத்திவிட்டேன். காகிதத்தை 5ஆம் தேதி 4 லட்சத்துக்கு மொத்தமாக வாங்காமல், 5ஆம் தேதி 2 லட்சம், 15ஆம் தேதி முதல் வரவு வந்த பிறகு 2 லட்சம் என்று பிரித்ததுதான் கை கொடுத்தது. உச்சம் 6 லட்சத்திலிருந்து 4 லட்சத்துப் பக்கம் இறங்கியது. 2 லட்சம் பத்து நாள் தள்ளிப்போனதில் வட்டியும் 660 குறைந்தது. வண்டி வாடகை கொஞ்சம் கூடியது. இரண்டும் சரிக்குச் சரி.

ஒன்றில் மட்டும் இன்னும் கவனமாக இருக்கிறேன். தவணை 16,607 ஓ.டி. கணக்கிலிருந்துதான் தானாகப் பிடிக்கப்படுகிறது. வியாபாரத்தில் அந்தப் பணம் வராத மாதத்திலும் பிடிக்கப்படும். அதாவது ஒரு கடனை இன்னொரு கடனால் அடைத்துக்கொண்டிருப்போம், தவணை ஒழுங்காகப் போகிறது என்று சந்தோஷமாகவும் இருப்போம். அதைக் காட்டிக்கொடுப்பது அந்த மேடம் வட்டமிட்ட எண்தான். அதனால் ஒவ்வொரு மாதமும் வட்டி ஏறிய மறுநாள், ஸ்டேட்மெண்டைப் பார்த்து அந்த மாதத்தின் மிகக் குறைந்த பாக்கியைப் பட்டறைச் சுவரில் உள்ள காலண்டரில் எழுதிவைக்கிறேன். `Available Balance` வரியைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

கடைசி ஆறு மாதம் காலண்டரில் இருப்பது: 1,10,000, 70,000, 85,000, 30,000, பூஜ்யம், பூஜ்யம். மெஷின் கடனில் இன்னும் 19 தவணை பாக்கி.